கடன் தவணை அட்டையில 30 வீதம், கணக்குப் பாத்தா 63

உரும்பிராயில இருக்கிற மச்சாள் தையல் மெசின் வாங்க மைக்ரோபினான்ஸில 50,000 எடுத்தவ, கிழமைக்கு 1,250 படி 52 கிழமை கட்டோணும், அட்டையில வட்டி 30 வீதம் எண்டு போட்டிருக்கு. "30 தானே, பிறகேன் காசு இப்பிடி இழுக்குது" எண்டு கேட்டா. அட்டையை வாங்கிக் கணக்குப் பாத்தன், கனபேரிட்ட இதே மாதிரி அட்டை இருக்கும் எண்டதால விரிவா எழுதிறன்.

மொத்தம் கண்டுபிடிக்கிறது சுகம், 1,250 ஐ 52 ஆல பெருக்க 65,000. ஆனா கையில எவ்வளவு வந்தது எண்டு அட்டையில இல்லை, காசு குடுத்த வவுச்சரைத்தான் பாக்கோணும். அதில இன்சூரன்ஸ் 1,000, டொக்கியுமென்ட் சார்ஜ் 1,000 கழிச்சு 48,000 தான் குடுத்திருக்கினம். அப்ப கடனின்ர செலவு 15,000 இல்லை, 17,000.

அடுத்தது வட்டி நிரல். ஒவ்வொரு வரியிலயும் முதல் 962, வட்டி 288 (சதத்தை விட்டிட்டன்), முதலாம் கிழமையும் அதுதான் 52 ஆம் கிழமையும் அதுதான். கடைசிக் கிழமை மச்சாளிட்ட மிச்சம் இருக்கிற கடனே 962 ரூபா, அதுக்கு ஒரு கிழமை வட்டி 288! வட்டி கீழ போகப் போகக் குறையேல்லை எண்டா அது பிளாட் ரேட், கட்டி முடிச்ச காசுக்கும் சேத்து வட்டி எடுக்கினம் எண்டு அர்த்தம்.

உண்மையான வீதத்துக்கு போனில கூகிள் ஷீட்ஸ் திறந்து இதைப் போட்டன்:

```
=RATE(52,-1250,48000)*52
```

0.63 எண்டு வந்தது, அதாவது 63 வீதம். 48000 க்குப் பதிலா 50000 போட்டா 54, அந்த 2,000 கழிவு மட்டும் 9 வீதம் ஏத்தியிருக்கு. கூட்டுவட்டியாப் பாத்தா 87 வரும், அதால வேற இடத்துக் கடனோட ஒப்பிடேக்க ரெண்டையும் ஒரே முறையில பாருங்கோ.

இன்சூரன்ஸ்தான் எனக்குக் கூட மனவருத்தம். கூட்டத்துக்கு வந்த ஒபிசரைக் கேக்க "அது எல்லாருக்கும் கட்டாயம் அக்கா" எண்டவர். விடாமக் கேட்டு சான்றிதழை வாங்கினம். மச்சாள் செத்தா மிச்சக் கடனை இன்சூரன்ஸ் கம்பனிக்குக் கட்டும், அவ்வளவுதான், வருத்தத்துக்கும் இல்லை, மெசினுக்கும் இல்லை, மனுசனுக்கும் இல்லை. அந்த 1,000 உம் 50,000 க்குள்ள இருக்கிறதால அதுக்கும் 30 வீதம் சேந்து 1,300 ஆக் கட்டிறா.

இப்ப 30 ஆவது கிழமை முடிய, பழசைக் கழிச்சுப் புதுக்கடன் தரலாம் எண்டு வந்திருக்கினம், திரும்பவும் முழு இன்சூரன்ஸ் வெட்டுவினமாம். பழைய இன்சூரன்ஸில மிச்சமிருக்கிற 22 கிழமைக் காசு திரும்பி வருமோ, பழசை மூடேக்க மிச்ச 22 தவணை வட்டியையும் எடுப்பினமோ எண்டு மச்சாள் கடிதமாக் குடுத்திருக்கிறா, எழுத்தில பதில் வராமப் புதுப் படிவத்தில கையெழுத்து வைக்கமாட்டா.