பெயர் எழுதாத மூன்று கிண்ணங்கள்

பேக்கரி நெறியின் செய்முறைப் பரீட்சையில் எனக்கு முன்னால் மூன்று கிண்ணங்கள் இருந்தன. அ, ஆ, இ என்று எழுத்து மட்டும் ஒட்டியிருந்தது. மூன்றிலும் வெள்ளைக் கோதுமை மா. எது பாணுக்கு, எது கேக்குக்கு, எது நூடில்ஸுக்கு என்று ஒன்றரை மணித்தியாலத்துக்குள் சொல்ல வேண்டும். காரணமும் எழுத வேண்டும். அந்த ஒன்றரை மணித்தியாலத்துக்காக நான் படித்ததையும், படிக்கும்போது விட்ட பிழைகளையும் இங்கே எழுதுகிறேன். அடுத்த முறை இருக்கப் போகிறவர்களுக்கு உதவும்.

நான் திருகோணமலை. சின்ன வயதிலிருந்தே மாமாவின் போறணையில் நின்று பழகியவன். சீனக்குடாவில் மா ஆலை இருக்கிறது. கோதுமை கப்பலில் துறைமுகத்துக்கே வந்து இறங்குகிறது. ஆனாலும் எங்கள் ஆட்களுக்கு மா என்றால் ஒரே மாதான். ஒரே மூட்டையில்தான் றாத்தல் பாணும் பணிஸும் போடுவோம், கேக்கும் அதில்தான். நெறியில் சேர்ந்த முதல் கிழமை, "உங்கட மாவில புரதம் எத்தனை சதவீதம்?" என்று மிஸ் கேட்டபோது வகுப்பில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை.

அடிப்படை இதுதான். வன்மையான கோதுமையை அரைத்தால் புரதம் கூடிய மா வரும், மென்மையான கோதுமையை அரைத்தால் குறைந்த மா வரும். கேக் மா ஏறக்குறைய 7 முதல் 9 சதவீதம். எல்லாவற்றுக்கும் பாவிக்கும் சாதாரண மா 10, 11. பாண் மா 12, 13. மாவில் தண்ணீர் பட்டுக் குழைக்கும்போது, அதிலுள்ள குளுட்டனின், கிளையடின் என்ற இரண்டு புரதங்களும் சேர்ந்து குளுட்டன் என்ற இழுபடும் வலையாக மாறுகின்றன. குளுட்டனின் இறுக்கத்தைத் தரும், கிளையடின் நீளும் தன்மையைத் தரும்.

பைக்கற்றைத் திருப்பிப் பார்த்தால் போதுமே என்று நான் நினைத்தேன். அது போதாது. ஒரு பைக்கற்றில் 30 கிராமுக்குப் புரதம் 3 கிராம் என்று போட்டிருந்தது. சரி, 10 சதவீதம் என்று எழுதினேன். மிஸ் அதை வெட்டிவிட்டார். 2.5 கிராமாக இருந்தாலும் முழு எண்ணாக்கி 3 என்று போடுவார்கள், 3.4 ஆக இருந்தாலும் 3 தான். 2.5 என்றால் 8 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே, கேக் மா. 3.4 என்றால் 11 சதவீதத்துக்கும் மேலே, பாணுக்கே போகும். 100 கிராமுக்கு எவ்வளவு என்று போட்டிருந்தால் மட்டுமே அந்த எண்ணை நம்பலாம்.

பரீட்சைக் கிண்ணத்தில் அந்த எண்ணும் இராது. அங்கே கைகொடுப்பது குளுட்டன் கழுவுதல்தான். 25 கிராம் மாவை நிறுத்து, 15 மில்லிலீற்றர் தண்ணீர் விட்டு, இறுக்கமான உருண்டையாகக் குழைக்க வேண்டும். அதைத் தண்ணீருக்குள் மூழ்க வைத்து 30 நிமிடம் விட வேண்டும். பிறகு அரிதட்டுக்கு மேலே பிடித்து, மெல்லிய தண்ணீரில் விரல்களால் பிசைந்து பிசைந்து கழுவ வேண்டும். மாச்சத்து பால் போல வெளியே போகும். கடைசியில் கையில் மிஞ்சுவதுதான் ஈரக் குளுட்டன்.

வீட்டுக் குசினியில் முதல் தடவை செய்தபோது 30 நிமிடம் பொறுக்காமல் உடனே குழாயைத் திறந்தேன். உருண்டை கையில் கரைந்து, நூல் நூலாகப் பிரிந்து ஓடிவிட்டது. மிஞ்சியதை நிறுத்தால் 3 கிராம்கூட இல்லை. மா சரியில்லை என்று கடைக்காரரிடம் போய்ச் சண்டை பிடிக்கவே நினைத்தேன். அடுத்த நாள் அதே மாவை அரை மணித்தியாலம் ஊறவிட்டுக் கழுவினேன், 7 கிராமுக்கு மேல் வந்தது. புரதம் முழுக்கத் தண்ணீர் குடித்து ஒன்றோடொன்று பிடிபட நேரம் வேண்டும். பிடிபடாத துண்டுகள் மாச்சத்தோடு சேர்ந்து போய்விடும்.

இன்னொரு விசயம் தண்ணீர். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உவர். அதில் கழுவினால் குளுட்டன் இறுகி ஒரே உருண்டையாக நிற்கும். பயிற்சி நிலையத்துக் குழாய்த் தண்ணீரில் அதே மா இளகி விரலில் ஒட்டியது. உப்பு குளுட்டனை இறுக்கும், அதுதான் காரணம். அதனால் மூன்று மாவையும் ஒப்பிடும்போது மூன்றுக்கும் ஒரே தண்ணீர்தான் பாவிக்க வேண்டும். ஒன்றைக் குழாயிலும் மற்றதை வாளியிலும் கழுவினால், வித்தியாசம் மாவுடையதா தண்ணீருடையதா என்று சொல்ல முடியாது.

எப்போது நிறுத்துவது என்பதற்கும் ஒரு வழி உண்டு. உருண்டையைப் பிழிந்து, ஒரு சொட்டைத் தெளிந்த தண்ணீர்க் கிளாஸில் விட வேண்டும். வெள்ளைப் புகை மாதிரிப் பரவினால் மாச்சத்து இன்னும் இருக்கிறது. அயடீன் இருந்தால் இன்னும் நல்லது. சொட்டு நீலம் பிடிக்காமல் போகும்வரை கழுவிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இனிப் பரீட்சை நாள். முதலில் மூன்றையும் கைக்குள் இறுக்கிப் பார்த்தேன். அ கிண்ணத்து மா கையை விரித்தவுடன் உதிர்ந்தது. விரல்களுக்கிடையில் நறநறவென்று மெல்லிய மணலைப் போல. ஆ விரல் அடையாளத்தோடு கொழுக்கட்டை மாதிரி அப்படியே நின்றது. இ இரண்டுக்கும் நடுவே. வன்கோதுமை மா துகள் துகளாக உடைந்து ஓடும், மென்கோதுமை மா நுண்மையாக ஒட்டிக்கொள்ளும். ஆனால் மழைக்காலத்து ஈரத்தில் எந்த மாவும் கொஞ்சம் ஒட்டும் என்பதால், கைச் சோதனையை மட்டும் வைத்து விடை எழுதக்கூடாது.

மூன்று உருண்டையும் பிடித்து, தண்ணீரில் போட்டு, நேரத்தைக் குறித்தேன். கழுவி, உள்ளங்கைகளுக்கு நடுவே அழுத்தி ஈரத்தை எடுத்து நிறுத்தபோது அ 9.1 கிராம், ஆ 5.7 கிராம், இ 7.6 கிராம். 25 கிராமுக்கு வந்ததை 100 கிராமுக்கு மாற்ற நான்கால் பெருக்கினால் 36.4, 22.8, 30.4. ஈரக் குளுட்டனில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தான், ஆகவே மூன்றால் பிரித்தேன். 12.1, 7.6, 10.1. இது மாவின் புரதச் சதவீதத்துக்குக் கிட்ட வரும். சரியான அளவு என்று சொல்ல முடியாது; கழுவின குளுட்டனில் கொஞ்சம் மாச்சத்தும் கொழுப்பும் ஒட்டியிருக்கும், கழுவுத் தண்ணீரோடு கரைந்துபோன புரதமும் உண்டு. அந்தக் கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று ஏறக்குறைய ஈடுசெய்வதால்தான் இந்தக் கணக்கு வேலை செய்கிறது. விடைத்தாளில் "அண்ணளவாக" என்று எழுதினேன்.

பாணும் கேக்கும் சுகமான பகுதி. ஈஸ்ட் விடும் வாயுவைப் பிடித்து வைக்க இறுக்கமான வலை வேண்டும், ஆகவே அ. கேக்கில் அந்த வலை இருந்தால் துண்டு இறப்பர் மாதிரி இழுபடும், உள்ளே நீளமான துளைகள் விழும். கேக்கை நிறுத்தி வைப்பது வெந்து இறுகும் மாச்சத்தும் முட்டையும், ஆகவே ஆ.

நூடில்ஸில்தான் பலர் தவறுகிறார்கள். இழுபட வேண்டிய பொருள்தானே, புரதம் கூடக் கூட நல்லது என்று அ கிண்ணத்தை எழுதிவிடுவார்கள். நானும் பயிற்சியில் அப்படித்தான் செய்தேன். 13 சதவீத மாவில் தட்டிய தகடு உருளையிலிருந்து வெளியே வந்ததும் சுருங்கிக்கொண்டது, மெல்லிசாக்கவே முடியவில்லை. வெந்த பிறகு நடுவில் கெட்டியாக, நிறமும் மங்கலாக இருந்தது. கேக் மாவில் செய்தவன் பாடு வேறு: கொதிநீரில் இழைகள் அறுந்து, தண்ணீர் கஞ்சியாகிவிட்டது. 10 சதவீதத்தை ஒட்டிய மா இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. மஞ்சள் நூடில்ஸுக்கு இன்னும் கொஞ்சம் கூட இருக்கலாம், வெள்ளை உப்பு நூடில்ஸுக்குக் கொஞ்சம் குறைய இருக்கலாம். தவிடு குறைந்த வெள்ளை மாவாகவும் இருக்க வேண்டும். தவிட்டில் இருக்கும் ஒரு நொதியம் தகட்டை ஒரே இரவில் சாம்பல் நிறமாக்கிவிடும்.

இதில் தண்ணீர் அளவும் வேறு. பாணுக்கு 100 கிராம் மாவுக்கு 60 கிராமுக்கு மேல் தண்ணீர் விடுவோம். நூடில்ஸுக்கு 34 போதும். நான் 200 கிராம் மாவுக்கு 68 கிராம் தண்ணீர் விட்டுப் பிசறியபோது, புட்டுக்குக் குழைத்த மாவைப் போல உதிரியாகத்தான் இருந்தது. பயிற்சியில் அதைப் பார்த்துப் பயந்து இன்னும் தண்ணீர் விட்டேன். தகடு உருளையில் ஒட்டி வீணாய்ப் போனது. பரீட்சையில் கையைக் கட்டிக்கொண்டு 20 நிமிடம் மூடி வைத்தேன். அப்புறம் அழுத்தித் தகடாக்கி, மடித்து, திரும்ப அழுத்தினேன். நூடில்ஸின் குளுட்டன் குழைக்கும்போது முழுதாக உருவாகாது, உருளை அழுத்தும்போதுதான் உருவாகும். மூன்றாவது தடவை தகட்டின் ஓரத்தில் வெடிப்பு இல்லாமல் வந்தது.

எழுத்துத் தாளில் கலவைக் கணக்கு ஒன்று வந்தது. 13 சதவீத பாண் மாவும் 8 சதவீத கேக் மாவும் கையில் இருக்கின்றன. 10 சதவீத மா ஒரு கிலோ வேண்டும். 8 இலிருந்து 10 க்கு 2, அது பாண் மாவின் பங்கு. 13 இலிருந்து 10 க்கு 3, அது கேக் மாவின் பங்கு. ஆகவே 400 கிராமும் 600 கிராமும். சரிபார்த்தால் 52 கிராம் புரதமும் 48 கிராம் புரதமும் சேர்ந்து 100, ஒரு கிலோவில் பத்து சதவீதம். பங்குகளைத் தலைகீழாகப் போடுவதுதான் எல்லாரும் விடும் பிழை. கடைசி வரியில் சரிபார்த்தால் அது உடனே தெரிந்துவிடும்.

வாய்மொழியில் பரீட்சகர் அம்மா நான்காவதாக ஒரு பையைத் தூக்கிக் காட்டினார். ஆட்டா மா, 100 கிராமுக்குப் புரதம் 12 கிராம்.

"தம்பி, உங்கட அ கிண்ணத்துக்கும் இதுக்கும் ஒரே புரதம். அப்ப இதில பாண் அதே மாதிரி எழும்புமா?"

எழும்பாது என்றேன். ஆட்டாவில் தவிடும் முளையும் சேர்ந்தே அரைபடுகின்றன. அங்கே இருக்கும் புரதமும் அந்த 12 இல் அடங்கும், ஆனால் அது குளுட்டன் ஆகாது. தவிட்டுத் துகள்கள் உருவான வலையையும் அறுக்கும். வீட்டில் ஆட்டாவைக் கழுவிப் பார்த்திருந்தேன்; தவிடு குத்திக்கொண்டு நிற்க, உருண்டை இழுத்த இடத்திலேயே பிய்ந்தது. அதையும் சொன்னேன்.

"சரி, அப்ப என்ன செய்வீங்கள்?"

பாதிக்குப் பாதி பாண் மா கலப்பேன், தண்ணீர் நூற்றுக்கு ஐந்து கிராம் அளவில் கூட்டுவேன் என்றேன். தவிடு மெதுவாகத்தான் தண்ணீரை இழுக்கும். குழைத்தவுடன் பசை போல இருந்தாலும் 20 நிமிடத்தில் இறுகிவிடும், அதுவரை மா தூவக்கூடாது. அவர் தலையாட்டி எழுதிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார்.

இப்போது மாமாவின் போறணையில் சனிக்கிழமைகளில் அந்தக் கலவையில் பாண் போடுகிறோம். புது மூட்டை வந்தால் முதலில் 25 கிராம் எடுத்துக் கழுவி, ஈரக் குளுட்டனின் நிறையை மூட்டையிலேயே பென்சிலால் எழுதிவிடுகிறேன்.