உறையிலிருந்த 1, கணினியில் மறைந்த 0

ஜெர்மனியிலிருந்து தமக்கு வந்த கடித உறையின் பின்புறத்தைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பிய நண்பர் ஒருவர், பதில் எழுதுவதற்காக அதிலிருந்த அனுப்புநர் முகவரியைத் தட்டச்சு செய்து தரும்படி கேட்டார். பெயர், தெரு, ஊர் மூன்றும் தெளிவாகவே இருந்தன. அஞ்சல் குறியீட்டில்தான் சிக்கல். முதலில் அதை 07067 என்றே படித்தேன்.

படத்தை நேராகத் திருப்பிப் பெரிதாக்கிப் பார்த்தபோது ஐயம் எழுந்தது. இரண்டாவது இலக்கத்தின் தலையில் இடப்புறமாக நீண்ட சாய்கோடு இருந்ததால் அது 7 போலத் தோன்றியது. ஆனால் கடைசி 7-இன் நடுவில் சிறிய குறுக்குக்கோடு இருக்க, இதில் அது இல்லை. ஜெர்மானியர் பலர் 1-க்கு நீண்ட சாய்கோடு இட்டு, 7-க்குக் குறுக்குக்கோடு போடுவதுண்டு. ஒருவருடைய எழுத்தை அவருடைய எழுத்தோடுதான் ஒப்பிட வேண்டும் என்பதால், வீட்டு எண்ணான 17-ஐப் பார்த்தேன்; அங்கும் 1 சாய்கோட்டுடனும் 7 குறுக்குக்கோட்டுடனும் அருகருகே நின்றன. எனவே குறியீடு 01067.

கண்ணை மட்டும் நம்பாமல் ஊரோடும் பொருத்திப் பார்த்தேன். ஜெர்மனியின் குறியீடு ஐந்து இலக்கம் கொண்டது. டிரெஸ்டன் நகரம் 01-இல் தொடங்கும், 07 என்பது யேனா, கேரா நகரங்களின் பக்கத்துக்குரியது. உறையில் எழுதியிருந்த ஊர் டிரெஸ்டன். இரண்டு சான்றும் முரண்பட்டிருந்தால், நானாக ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் நண்பரிடம் இன்னொரு படம் கேட்டிருப்பேன், ஏனெனில் ஊருக்கேற்ப எண்ணைத் திருத்துவது படியெடுப்பது ஆகாது.

தெருப்பெயரின் இறுதியில் அனுப்புநர் சுருக்கி எழுதியிருந்த str. என்பதை அப்படியே விட்டேன். அந்நாட்டு முறைப்படி வீட்டு எண் தெருப்பெயருக்குப் பின்னும், குறியீடு ஊருக்கு முன்னும் வரும். வெளிநாட்டிலிருந்து அனுப்புவதால் நாட்டின் பெயரைக் கடைசி வரியில் பெரிய எழுத்துகளில் சேர்த்தேன்.

```
01067 Dresden
GERMANY
```

நண்பருடைய முகவரி விரிதாளில் இதை இட்டபோது இன்னொரு தவறு நேர்ந்தது. குறியீட்டை எண்ணாகக் கொண்ட விரிதாள், முன்னிருந்த பூச்சியத்தை நீக்கி 1067 என்று காட்டியது. பிறகு அந்தக் கட்டத்தை உரை வடிவத்துக்கு மாற்றியும் போன பூச்சியம் திரும்பவில்லை. வடிவத்தை முதலில் மாற்றிவிட்டு, குறியீட்டை மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. கோப்பை CSV-ஆகச் சேமித்து மீண்டும் விரிதாளில் நேரடியாகத் திறந்தபோது பூச்சியம் மறுபடியும் போய்விட்டது. ஆகவே இறக்குமதி செய்யும்போதே அந்த நெடுவரிசையை உரை என்று குறித்தேன். முகவரிச்சீட்டை அச்சிட்ட பின், அதிலிருந்த ஐந்து இலக்கங்களையும் வலமிருந்து இடமாக, படத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தே நண்பரிடம் கொடுத்தேன்.