ஆறாம் மாதப் படம்

"இந்தப் படத்தை நான் எப்போ எடுத்தேன்?" என்று அந்த அம்மா கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை, உண்மையிலேயே யோசித்துக்கொண்டிருந்தார். குழந்தையின் முதல் வருடத்துக்கு, மாதத்துக்கு ஒரு படமாகப் பன்னிரண்டு கட்டங்கள் வைத்து நான் செய்துகொண்டிருந்த போஸ்டரில் அது ஆறாம் மாதக் கட்டம். அந்தப் படத்தை யாருமே எடுக்கவில்லை.

அவரிடம் இருந்தவை ஒன்று, நான்கு, ஒன்பது, பன்னிரண்டாம் மாதப் படங்கள் மட்டும்தான். போன் கெட்டுப்போய் மற்றவை அழிந்துவிட்டன. மீதி எட்டுக் கட்டங்களை ஏஐ வைத்து நிரப்பித் தர முடியுமா என்று கேட்டிருந்தார்.

நான்கையும் சேர்த்துக் கொடுத்தால் எல்லா மாதத்துக்கும் ஒரே முகம் வரும், ஏறக்குறைய எட்டு மாதக் குழந்தையின் முகம். அதனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் வயதில் பக்கத்தில் இருக்கிற ஒன்றிரண்டு படங்களை மட்டுமே கொடுத்தேன். இந்த வயதில் கன்னமும் மூக்கும் எல்லாக் குழந்தைக்கும் ஒன்றுபோல இருப்பதால், அவற்றை வைத்து அதே குழந்தைதானா என்று சொல்ல முடியாது. நான் பார்ப்பது காது மடலையும் மச்சத்தையும். இவளுக்கு இடது புருவத்துக்கு மேல் ஒரு மச்சம். அது ஒரு படத்தில் இடமும் இன்னொன்றில் வலமுமாக வந்துகொண்டே இருந்தது. நான்காம் மாதப் படம் செல்ஃபி கேமராவில் எடுத்தது, இடவலம் மாறிப் பதிவாகியிருந்தது. அதைத் திருப்பிக் கொடுத்த பிறகு மச்சம் ஒரே இடத்தில் நின்றது. எழுத்தையும் எண்ணையும் ஏஐயிடம் விடவில்லை. தமிழ் எழுத்தைச் சிதைத்துவிடக்கூடும் என்பதால் தனி அடுக்கில் நானே போட்டேன்.

முதலில் வந்த ஆறாம் மாதப் படத்தில் குழந்தை சிரித்தபடி உட்கார்ந்திருந்தாள், கீழே இரண்டு பல். அதைப் பார்த்ததும் அம்மா, "பத்தாம் மாசம்தாங்க பல்லு வந்துச்சு, உட்கார்ந்ததே ஏழுல" என்றார். ஆறு மாதத்தில் பல் முளைக்கிற குழந்தைகளும் உண்டு, உட்காருகிறவர்களும் உண்டு. ஆனால் இவள் அப்படியில்லை. பல்லை எடுத்துவிட்டு, குப்புறப் படுத்துத் தலை தூக்குகிற மாதிரி மாற்றினேன். அதைக் காட்டியபோதுதான் அந்தக் கேள்வி வந்தது.

"இது நாம உருவாக்கினதுங்க" என்றேன். "ஆமால்ல" என்று சிரித்தார். அந்தக் கட்டங்களின் ஓரத்தில் சின்னதாக ஒரு குறி போடலாமா என்று கேட்டதற்கு, போஸ்டர் அழகு கெட்டுவிடும், வேண்டாம் என்றார்.

அவர் குழந்தை, அவர் சுவர், எனக்கென்ன? படத்தை ஒட்டிச் சேர்ப்பதும் பின்னணியை மாற்றுவதும் ஸ்டூடியோக்களில் எப்போதும் நடப்பதுதான். ஆனால் அவையெல்லாம் நடந்த ஒன்றின் மேல் செய்த வேலை. இங்கே நான் செய்தது, பல்லையும் உட்காருவதையும் சரிபார்த்துச் சரிபார்த்து, பொய் என்று தெரியாத அளவுக்குக் கொண்டுபோனது. பல்லோடு வந்த அந்தத் தப்பான படம்தான் நேர்மையானதோ என்றுகூட ஒரு சமயம் தோன்றுகிறது. அதையே கொடுத்திருந்தால் காசு கொடுத்திருக்க மாட்டார், அது வேறு விஷயம்.

பிரிண்ட் போன பிறகு ஆறாம் மாதப் படத்தை மட்டும் தனியாகக் கேட்டார், ஆல்பத்துக்காம். கோப்பின் பெயரிலேயே 'உருவாக்கியது' என்று சேர்த்து அனுப்பினேன். வாட்ஸ்அப்பில் அவர் அதைப் படமாக யாருக்காவது அனுப்பினால் அந்தப் பெயர் போய்விடும் என்பது தெரிந்தும்தான்.