வீட்டுக் கடனை முன்கூட்டியே முடித்தேன்: பத்திரம் வந்தது, வில்லங்கம் போகவில்லை

ஊரில் இருந்த நிலத்தை விற்ற பணம் கைக்கு வந்ததும் வீட்டுக் கடனை மொத்தமாக முடித்துவிடலாம் என்று வங்கிக்குப் போனேன். அசல் பாக்கி 7,30,000 ரூபாய், வட்டி 9 சதவீதம். முதலில் கேட்டு வாங்க வேண்டியது ஃபோர்குளோஷர் ஸ்டேட்மென்ட். எந்தத் தேதிக்குள் கட்டினால் எவ்வளவு, தள்ளிப்போனால் நாளொன்றுக்கு எவ்வளவு கூடும் என்று அதில் இருக்கும். என் கணக்குக்கு ஒரு நாள் வட்டி 180 ரூபாய். இதைப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. தேதி இரண்டு நாள் தள்ளிப்போய், பழைய தொகையையே கட்டினால் 360 ரூபாய் பாக்கி நிற்கும், கணக்கு மூடாது. மாதத் தவணை பிடித்த பிறகு கட்டும்படி நாளைத் தேர்ந்தெடுத்தால் குழப்பம் இன்னும் குறைவு.

அந்த ஸ்டேட்மென்ட்டில் 'முன்கூட்டி முடிக்கும் கட்டணம்' என்று 2 சதவீதம், அதாவது 14,600 ரூபாயும், அதற்கு ஜிஎஸ்டி 2,628 ரூபாயும் சேர்த்திருந்தார்கள். என் கடன் மாறும் வட்டிக் கடன், என் சொந்தப் பெயரில் உள்ளது. தனிநபர்களின் மாறும் வட்டி வீட்டுக் கடனுக்கு வங்கிகள் இந்தக் கட்டணம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012லேயே சொல்லிவிட்டது. கவுன்ட்டரில் இருந்தவர், "சிஸ்டம்ல அப்படித்தான் சார் வருது" என்றார். கடன் ஒப்பந்தத்தில் வட்டி வகை எழுதியிருந்த பக்கத்தை நகல் எடுத்து, கட்டணத்தை நீக்கித் திருத்திய ஸ்டேட்மென்ட் வேண்டும் என்று மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். திருத்தி வந்தது. வாய்ப்பேச்சில் கேட்டிருந்தால் வந்திருக்குமா என்பது சந்தேகம்தான். நிலையான வட்டியில் வாங்கிய கடன் என்றால் கதை வேறு. அங்கே ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

பணத்தைக் கடன் கணக்குக்கே நேராக அனுப்பி, பாக்கி பூஜ்யம் என்று காட்டும் கணக்கு அறிக்கையை வாங்கிய பிறகே நிலுவையில்லாச் சான்றிதழ் கேட்டேன். தவணையைத் தானாகப் பிடிக்கும் உத்தரவை ரத்து செய்யவும் கையோடு எழுதிக் கொடுத்தேன்.

அசல் பத்திரங்கள் பல சமயம் கிளையில் இருக்காது. வேறு ஊரில் மையக் கிடங்கிலிருந்து வர வேண்டும். கடன் முழுதும் தீர்ந்த 30 நாளுக்குள் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும், வங்கியின் காரணத்தால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதி. கடன் வாங்கும்போது வங்கி கொடுத்த ஆவணப் பட்டியலை எடுத்துப்போய், அதை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். கிரயப் பத்திரம், தாய்ப் பத்திரம், பட்டா, கட்டட வரைபட அனுமதி எல்லாம் இருந்தன. தாய்ப் பத்திரத்தில் மட்டும் கடைசித் தாள் தனியாகக் கழன்று வேறொரு உறைக்குள் கிடந்தது. மேலோட்டமாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தால் அது அங்கேயே நின்றிருக்கும்.

பலரும் இத்தோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். தமிழ்நாட்டில் வங்கிகள் பொதுவாகப் பத்திரத்தைச் சும்மா வாங்கி வைத்துக்கொள்வதில்லை. உரிமை ஆவண ஒப்படைப்பு என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு ஆவணமும் பதிவு செய்கிறார்கள். வங்கிக்காரர்கள் அதை 'எம்ஓடி' என்பார்கள். அது வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். நிலுவையில்லாச் சான்றிதழைப் பார்த்துப் பதிவுத்துறை அதைத் தானாக நீக்குவதில்லை. பணம் வந்துவிட்டது, பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம் என்று வங்கி எழுதித் தரும் ரசீது ஆவணத்தையும் பதிவு செய்தாக வேண்டும். சொத்தின் மேல் பதிவு செய்த அடமானப் பொறுப்புகளை வங்கி 30 நாளுக்குள் நீக்க வேண்டும் என்பதும் ரிசர்வ் வங்கியின் அதே விதியில் உண்டு. ஆனாலும் எனக்கு வங்கி தானாக எதுவும் சொல்லவில்லை, tnreginet.gov.in தளத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்தபோது ஒப்படைப்புப் பதிவு அப்படியே இருந்தது. அதன் பிரதியைக் காட்டிக் கேட்ட பிறகுதான் ரசீதுக்கு ஏற்பாடு செய்தார்கள். பதிவுச் செலவு என் தலையில்தான் விழுந்தது.

ரசீதின் வரைவை வாங்கிப் படித்தேன். ஒப்படைப்பு ஆவணத்தின் எண் சரியாக இருந்தது. பக்கத்திலிருந்த ஆண்டு ஒன்று தள்ளியிருந்தது. அப்படியே பதிவாகியிருந்தால் ரசீது வேறு ஏதோ ஆவணத்துக்கானது போல நின்றிருக்கும். அதைச் சரிசெய்ய இன்னொரு பிழைதிருத்தல் பத்திரம் போட வேண்டும். ஆவண எண், ஆண்டு, சார்பதிவாளர் அலுவலகத்தின் பெயர், சர்வே எண் இந்த நான்கையும் பழைய ஆவணத்தோடு வைத்துப் பார்த்த பிறகே டோக்கன் போட்டோம்.

பதிவு முடிந்து மறுபடி வில்லங்கம் போட்டால் ஒப்படைப்புப் பதிவு மறைந்திருக்காது. அதுவும் ரசீதும் இரண்டுமே தெரியும். வாங்க வருபவரின் வக்கீல் தேடுவது அந்த இரண்டாவது பதிவைத்தான். சிபில் அறிக்கையில் கணக்கு முடிந்ததாக ஏறியிருக்கிறதா என்பதை அடுத்த மாதம் பார்த்துக்கொண்டேன், அது சரியாகவே இருந்தது.