அப்பாவோட ஆஸ்பத்திரி ஃபைனல் பில்லை வரி வரியா பாத்த கதை

போன மாசம் அப்பாவுக்கு நிமோனியா. ஞாயித்துக்கிழமை ராத்திரி மூச்சு வாங்க ஆரம்பிச்சு, பெங்களூர் கே.ஆர்.புரம் வீட்டுல இருந்து ஆட்டோ புடிச்சு பக்கத்துல இருக்கற ஆஸ்பத்திரிக்கு ஓடி, 11.40க்கு ஐசியூல போட்டாங்க. செவ்வாய் சாயங்காலம் வார்டுக்கு மாத்துனாங்க, சனிக்கிழமை டிஸ்சார்ஜ். இப்ப நல்லா இருக்காரு, வாக்கிங் போறேன்னு அடம் புடிக்கறாரு. நான் சொல்ல வந்தது பில்லைப் பத்தி.

என் கம்பெனி இன்சூரன்ஸ்ல அப்பா அம்மாவுக்கு சேத்து மூணு லட்சம் கவர் இருக்கு, கேஷ்லெஸ். அதனால பில்லைப் பத்தி எனக்கு கவலையே இல்ல, இன்சூரன்ஸ்காரன் கட்டப் போறான் நமக்கென்னன்னுதான் இருந்தேன். எங்க அபார்ட்மென்ட்ல ஒரு அக்கா இருக்காங்க, முன்னாடி ஒரு டிபிஏல, அதாவது இன்சூரன்ஸ் கம்பெனிக்காக பில்லை சரிபாக்கற ஆபீஸ்ல, கிளெய்ம் பாத்தவங்க, அவங்கதான் வியாழக்கிழமை சாப்பாடு குடுக்க வந்தப்ப கேட்டாங்க, "இந்த பாலிசி வருஷம் முடிய இன்னும் ஏழு மாசம் இருக்குல்ல, தப்பா ஏறுற ஒவ்வொரு ரூபாயும் அந்த மூணு லட்சத்துல இருந்துதானே போகுது? டிஸ்சார்ஜுக்கு முந்தின நாளே பில்லை வாங்கிப் பாரு தம்பி. டிபிஏக்கு ஃபைனல் பில் போயிட்டா அப்புறம் திருத்தறதுக்குள்ள உன் உசுரு போயிடும்." அதுல விஷயம் இருக்கு, ஏன்னா ஃபைனல் பில் போனப்புறம் இன்சூரன்ஸ் கம்பெனி மூணு மணி நேரத்துக்குள்ள ஓகே சொல்லணும்னு 2024ல இன்சூரன்ஸ் கம்பெனிகளை கண்காணிக்கற ஐஆர்டிஏஐ ரூல் போட்டுருக்கு, ஆனா நடுவுல நாம ஒரு திருத்தம் கேட்டா மாத்துன பில்லை மறுபடி அனுப்பி மறுபடி காத்திருக்கணும், பேஷன்ட் பேன்ட் சட்டை போட்டுகிட்டு கட்டில்ல உக்காந்திருப்பாரு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பில்லிங் கவுண்டர்ல கேட்டேன். அங்க இருந்த பையன் ஓசூர்க்காரன், தமிழ்லயே பேசினான். மொதல்ல ஒரே ஒரு பக்கம் குடுத்தான், அதுல பார்மசி ஒரு வரி, லேப் ஒரு வரி, பெட் ஒரு வரி, அவ்ளோதான். இதை வெச்சு ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது. "ஐட்டம் வைஸ் வேணும் தம்பி, தேதி, நேரம், ஆர்டர் நம்பரோட"ன்னு சொன்னேன். "அண்ணா அது டிஸ்சார்ஜ் அப்பதான்"னு இழுத்தான், நான் நகரவே இல்ல, அப்புறம் 19 பக்கம் பிரின்ட் எடுத்துக் குடுத்தான். மொத்தம் 1,84,300, வெள்ளி ராத்திரி பெட் சார்ஜும் சேத்து.

கேன்டீன்ல உக்காந்து பென்சிலோட ஆரம்பிச்சேன். பில்லுல ரெண்டு தேதி இருக்கும்னு அக்கா சொல்லிருந்தாங்க, ஒண்ணு வேலை நடந்த தேதி, இன்னொண்ணு கம்ப்யூட்டர்ல ஏத்துன தேதி. இது தெரியாம பாத்தா நல்லா இருக்கறதெல்லாம் டபுளா தெரியும். எனக்கு மொதல்ல மாட்டுனது அதுதான், செவ்வாய்க்கிழமைல நுரையீரல் டாக்டர் விசிட் மூணு இருக்குன்னு வட்டம் போட்டுட்டேன், அப்புறம் பாத்தா அதுல ஒண்ணு திங்கள் சாயங்காலம் வந்தது, நடுராத்திரிக்கு அப்புறம் என்ட்ரி போட்டுருக்காங்க. மீதி ரெண்டும் அவர் காலைல ஒரு தடவ, சாயங்காலம் மாத்தறதுக்கு முன்னாடி ஒரு தடவ நிஜமாவே வந்து பாத்தது. வட்டத்தை அழிச்சேன். நல்ல வேளை அதை வெச்சு சண்டைக்குப் போகல.

நிஜமான டபுள் லேப்ல ஒண்ணு இருந்துச்சு. புதன்கிழமை சிபிசி ரத்த டெஸ்ட் ரெண்டு வரி. ஒரே நாள்ல ரெண்டு தடவ ரத்தம் எடுக்கறது சகஜம்தான், அதனால தேதிய வெச்சு முடிவு பண்ணக்கூடாது, சாம்பிள் நம்பரை பாக்கணும். ட்யூப்ல ஒட்டற பார்கோட் நம்பர்தான் அது, ரிப்போர்ட் மேலயும் இருக்கும். ரெண்டு வரிக்கும் அதே நம்பர், 6.10 மணி, ஃபைல்ல ரிப்போர்ட்டும் ஒண்ணுதான். 380 ரூபாய்.

பெரிய காசு பெட்ல இருந்துச்சு. ஐசியூ மூணு நாள், நாளுக்கு 9,500. வார்டு நாலு நாள், நாளுக்கு 4,500. மொத்தம் ஏழு நாள், ஆனா அப்பா இருந்தது ஆறு ராத்திரிதானே? விரல் விட்டு எண்ணிப் பாத்தா செவ்வாய்க்கிழமை ஐசியூலயும் விழுந்துருக்கு வார்டுலயும் விழுந்துருக்கு. ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் ஒவ்வொரு மாதிரி கணக்கு வெப்பாங்க, சிலர் 24 மணி நேரக் கணக்கு, சிலர் நடுராத்திரிக் கணக்கு, அதனால சும்மா போய் "ஏழு எப்படி வரும்"னு கேட்டா எதாவது சொல்லி அனுப்பிடுவாங்க. அட்மிஷன்ல கையெழுத்து வாங்குன ஃபார்ம் பின்பக்கம் பொடி எழுத்துல இருந்துச்சு, ராத்திரி 12 மணிக்கு பேஷன்ட் எந்த பெட்ல இருக்காரோ அந்த பெட்டுக்குத்தான் அன்னிக்கு சார்ஜ்னு. செவ்வாய் ராத்திரி 12 மணிக்கு அப்பா வார்டுல கொறட்டை விட்டுகிட்டு இருந்தாரு. ஆக ஐசியூ 9,500 போகணும், அதோட ஒட்டிகிட்டு வந்த ஐசியூ நர்சிங் 1,200ம் போகணும். இதே ரூல்னால ஞாயித்துக்கிழமை இருபது நிமிஷத்துக்கு ஒரு முழு ஐசியூ நாள் சார்ஜ் விழுந்துச்சு, அதுக்கு வாயத் தொறக்க முடியல. ரூல காட்டி கேக்கறப்ப ரூல் நமக்கு எதிரா இருந்தாலும் முழுங்கிக்க வேண்டியதுதான்.

அடுத்து நெபுலைசேஷன், மருந்தை ஆவியா மூச்சுல இழுக்க வெக்கறது. ஒரு தடவைக்கு 150, நாளுக்கு நாலு. வியாழன் காலைல டாக்டர் ரெண்டா கொறைச்சுட்டாரு, நான் கூடவே நின்னேன். ஆனா பில்லுல வியாழனும் நாலு, வெள்ளியும் நாலு, இதுல கூத்து என்னன்னா வெள்ளி ராத்திரி குடுக்க வேண்டியதை இன்னும் குடுக்கவே இல்ல, பில்லுல ஏறிடுச்சு! பழைய ஆர்டரை யாரும் சிஸ்டம்ல மாத்தாம விட்டதால அது பாட்டுக்கு தானா ஏறிட்டே இருந்துருக்கு. வேணும்னே திருடறாங்கன்னு நான் நினைக்கல, ஆனா இந்த மாதிரி தப்பெல்லாம் எப்பவும் ஒரே பக்கம்தான் சாயுது, அதான் எரிச்சல். நாலு தடவைக்கு 600.

பார்மசிதான் தலைவலி, பதினோரு பக்கம். எல்லாத்தையும் பாக்க பொறுமை இல்ல, அதனால விலை அதிகமா இருந்த ஆன்ட்டிபயாடிக் ஊசிய மட்டும் எடுத்துகிட்டேன். எட்டு மணி நேரத்துக்கு ஒண்ணு. ஞாயிறு ராத்திரி ஒண்ணு, திங்கள் செவ்வாய் புதன் மூணு மூணு, வியாழன் காலைல ஒண்ணு போட்டுட்டு மாத்திரைக்கு மாத்திட்டாங்க. மொத்தம் 11. பில்லுல 15 வயல், அதாவது ஊசி மருந்து குப்பி, ஒண்ணு 420. வார்டுல நைட் டியூட்டி சிஸ்டர் மலையாளி, நல்லவங்க, மருந்து சார்ட்டை தொறந்து காட்டுனாங்க, ஒவ்வொரு டோஸுக்கும் நேரமும் கையெழுத்தும் இருந்துச்சு, பதினொண்ணுதான். மீதி நாலு வயலும் அங்கயே ட்ரேல அப்பா பேர் ஒட்டி கெடக்கு, பார்மசிக்கு ரிட்டர்ன் போடவே இல்ல. சிஸ்டர் அப்பவே ரிட்டர்ன் போட்டு ஸ்லிப் நம்பர் எழுதிக் குடுத்தாங்க. 1,680.

நாலு விஷயத்தையும் ஒரே பேப்பர்ல, பக்க எண்ணோட எழுதி, சார்ட்டோட போட்டோ சேத்து, ராத்திரியே பில்லிங் சூப்பர்வைசர்கிட்ட குடுத்தேன். சனிக்கிழமை காலைல 13,360 கொறைஞ்சு 1,70,940க்கு பில் வந்துச்சு. பெட் சார்ஜுக்கு மட்டும் கொஞ்சம் மொனகுனாரு, ஃபார்மை திருப்பிக் காட்டுனதும் சரின்னுட்டாரு. 11.15க்கு டிபிஏக்கு போச்சு, 1.50க்கு அப்ரூவல் வந்துச்சு, 1,62,380க்கு. மீதி 8,560 நீங்க கட்டணும்னாங்க.

இங்கதான் நான் அக்காவுக்கு போன் போட்டேன். அவங்க சொன்னது எனக்கு சுத்தமா தெரியாத விஷயம். இன்சூரன்ஸ்காரன் கழிக்கறது எல்லாம் ஒரே ரகம் இல்ல. பாலிசி கடைசில நாலு லிஸ்ட் இருக்கும், ஐஆர்டிஏஐ போட்ட லிஸ்ட். மொதல் லிஸ்ட்ல இருக்கற கிளவுஸ், டயப்பர், மாஸ்க் மாதிரி ஐட்டத்துக்கு இன்சூரன்ஸ் தராது, கன்ஸ்யூமபிள்ஸ் கவர்னு தனியா வாங்கிருந்தா ஒழிய நாமதான் கட்டணும். மத்த மூணு லிஸ்ட்ல இருக்கறதெல்லாம் ரூம் வாடகைலயோ, ஆபரேஷன் சார்ஜ்லயோ, சிகிச்சை சார்ஜ்லயோ ஏற்கனவே அடங்கினதுன்னு கணக்கு. அதை ஆஸ்பத்திரி தனி வரியா போடறதே தப்பு, "இன்சூரன்ஸ் குடுக்கல, அதனால நீங்க குடுங்க"ன்னு நம்ம தலைல கட்டறது அதைவிட தப்பு. கேஷ்லெஸ் ஒப்பந்தத்துல இருக்கற ஆஸ்பத்திரின்னா இதை தைரியமா கேக்கலாம், நாமளே காசு கட்டிட்டு அப்புறம் கிளெய்ம் பண்ற கேஸ்னா கெஞ்சித்தான் பாக்கணும்.

கழிச்ச லிஸ்டை வெச்சு பிரிச்சேன். கிளவுஸ் 1,460, டயப்பர் ரெண்டு பாக்கெட் 1,280, ஆக்சிஜன் மாஸ்க்கும் நெபுலைசர் கிட்டும் 1,150, ஈசிஜி ஒட்டற எலக்ட்ரோடு 360, சேஃப்டி கேனுலா 850. இது 5,100, மொதல் லிஸ்ட், நம்ம காசு. மீதி 3,460ல டாக்குமென்டேஷன் சார்ஜ் 1,500, அட்மிஷன் ரெஜிஸ்ட்ரேஷன் 500, பல்ஸ் ஆக்சிமீட்டர் 1,200, டயட்டீஷியன் 260. விரல்ல கிளிப் மாட்டி விட்டதுக்கு நாளுக்கு 300 ரூபா! இந்த நாலும் அடங்கின லிஸ்ட்ல இருக்கு.

இன்சூரன்ஸ் டெஸ்க்ல மேடம்கிட்ட பாலிசி பிடிஎஃப்ல அந்த பக்கத்தை தொறந்து காட்டி, "மேடம் இதை நான் கட்ட வேண்டியதில்ல, உங்க ரூம் சார்ஜுக்குள்ள இருக்கு"ன்னேன். அவங்க முகத்துலயே தெரிஞ்சுது, இதை கேக்கற மொதல் ஆள் நான் இல்லன்னு. உள்ள போய் யார்கிட்டயோ கன்னடத்துல பேசிட்டு வந்து மூணை எடுத்துட்டாங்க, டயட்டீஷியன் 260 மட்டும் முடியாதுன்னுட்டாங்க. அதுக்கும் லிஸ்ட்ல பேர் இருக்குதான், ஆனா மணி மூணாச்சு, அப்பா பசிக்குதுன்னு நாலாவது தடவ போன் பண்ணிட்டாரு. 5,360 கட்டிட்டு ரசீது வாங்கிட்டு கெளம்பிட்டேன்.

ரூம் வாடகை லிமிட் இருக்கறவங்க இன்னொண்ணு பாத்துக்கோங்க. எங்க பாலிசில நாளுக்கு 5,000, நாங்க இருந்தது 4,500ல, தப்பிச்சோம். லிமிட்டுக்கு மேல ரூம் எடுத்தா வாடகைல வித்தியாசத்தை மட்டும் கழிச்சுட்டு விட மாட்டாங்க, டாக்டர் ஃபீஸ், நர்சிங் எல்லாத்தையும் அதே விகிதத்துல வெட்டிடுவாங்க. மருந்துக்கும் டெஸ்டுக்கும் அந்த வெட்டு போடக்கூடாது, போட்டுருந்தா கேளுங்க.

வீட்டுக்கு வந்து பையை பிரிச்சா உள்ள பிரிக்காத டயப்பர் பாக்கெட் ஒண்ணு, 640 ரூபா ஸ்டிக்கரோட. அப்பா அதைப் பாத்துட்டு, "ஊசி மிச்சம் வரைக்கும் எண்ணுனியே, இதை ஏன்டா திருப்பிக் குடுக்கல? இது நம்ம காசுன்ன?"ன்னாரு. அது இப்ப பீரோ மேல இருக்கு.