ஆனி முடிய ஒரு வாரம்

ராணிப்பேட்டையில் ஆறு வருடம் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் வேலை பார்த்துவிட்டு, 2023 ஜூலையில் கடலூர் சிப்காட்டில் உள்ள ஒரு கம்பெனிக்கு மாறினேன். ஜூலை 10, திங்கட்கிழமை சேர வேண்டும். புதுப்பாளையத்தில் வீடு பார்த்து, மாதம் 9,000 வாடகை, 27,000 அட்வான்ஸ் என்று பேசி, 5,000 டோக்கன் கொடுத்திருந்தோம். ஒப்பந்தம் ஜூலை 10-லிருந்து 11 மாதம். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஜூலை 7, வெள்ளிக்கிழமை காலை பால் காய்ச்சிவிட்டு அவர் வீட்டிலேயே கையெழுத்துப் போடுவது என்று முடிவாகியிருந்தது.

புதன்கிழமை மதியம் எச்.ஆரிலிருந்து போன் வந்தது. ஆபத்தான ரசாயனங்களைக் கையாளும் வேலைக்கு ஆளை வைப்பதற்கு முன்பே மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று அப்போது நடைமுறையில் இருந்த தொழிற்சாலைச் சட்டத்தின் 41சி பிரிவு சொன்னது. திங்கட்கிழமை எனக்கு அந்தப் பரிசோதனை நடந்தது. ரத்தம், எக்ஸ்ரே, காது எல்லாம் சரி. ஊதிக் காட்டும் நுரையீரல் பரிசோதனையில் மட்டும் அளவு குறைவாக வந்தது. எனக்கு அப்போது நல்ல சளி, ஊதும்போதே இருமல். சளி குறைந்த பிறகு மறுபடி எடுக்கலாம் என்று டாக்டர் எழுதிவிட்டார். அந்த ரிப்போர்ட் வர வெள்ளி மாலை ஆகும். புதிதாகச் சேருகிறவர்களுக்கான பாதுகாப்புப் பயிற்சியோ அந்தக் கம்பெனியில் திங்கட்கிழமைதான் தொடங்கும், அதற்கான பெயர்ப் பட்டியலை வியாழக்கிழமையே முடித்துவிடுவார்கள். ஒரு நாள் ரிப்போர்ட் தாமதமானால் ஒரு வாரம் வேலை தாமதம். 17-ஆம் தேதி வாருங்கள் என்றார்கள்.

முதலில் மனதுக்குள் கணக்கு ஓடியது. பழைய கம்பெனி ஜூன் 30-உடன் சம்பளத்தை நிறுத்திவிட்டது, கடைசிக் கணக்கு செட்டில் ஆக ஒன்றரை மாதம் ஆகும். 17-ஆம் தேதி சேர்ந்தால் ஜூலையின் 15 நாள் சம்பளம் ஆகஸ்ட் சம்பளத்தோடுதான் வரும் என்றும் எச்.ஆரில் சொல்லியிருந்தார்கள். ஒரு நாளைக்கு 300 வீதம் 7 நாள் வாடகை 2,100 ரூபாய். சம்பளம் ஓடிக்கொண்டிருக்கும் மாதத்தில் அதை யோசிக்காமல் கொடுத்திருப்பேன். அந்த ஜூலையில் முடியாது. ராணிப்பேட்டை வீட்டையும் 8-ஆம் தேதி காலி செய்தாக வேண்டும், அடுத்த குடும்பம் 9-ஆம் தேதி வருகிறது.

வீடு பிடித்துக் கொடுத்த புரோக்கருக்குப் போன் செய்தேன். "இப்ப சொல்லாதீங்க சார், ஞாயித்துக்கிழமை ராத்திரி சொல்லுங்க. ஊர்ல துக்கம்னு ஒரு வார்த்தை போடுங்க, யாரும் மேல கேக்க மாட்டாங்க" என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை, அவருக்குத் தெரிந்த வழி அது. ஆனால் வீடு பார்க்க வந்த அன்று ஒரு வங்கி ஊழியரும் அதே வீட்டைக் கேட்டுக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். எங்களுக்காகத்தான் வீட்டுக்காரர் அவரை அனுப்பினார். அப்படிப்பட்டவரிடம் ஞாயிறு இரவுவரை விஷயத்தை வைத்துக்கொண்டிருந்தால், வேறு ஆள் பார்க்கிற வாய்ப்பையும் நானே பறித்ததாக ஆகும். அன்று மாலையே பேசினேன்.

பேசிய விதம்தான் சரியில்லை. "சார், ஒரு வாரம் தள்ளி வரலாமான்னு பாக்கறேன்" என்று ஆரம்பித்தேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "தம்பி, வரலன்னா வரலன்னு சொல்லிடுங்க" என்றார். அவர் குரல் மாறியதும்தான் எனக்கு உறைத்தது. தேதியைத் தள்ளுகிற ஆள் பணத்தையும் தள்ளுவான், கடைசியில் வராமலே போவான் என்பது வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் பட்ட அனுபவம். டோக்கன் 5,000-ஐ விட்டுவிட்டுக் காணாமல் போனவர்களை அவர் பார்த்திருப்பார். நான் முதல் வாக்கியத்தில் சொல்லியிருக்க வேண்டியது வேறு. அதை இரண்டாவதாகச் சொன்னேன்: "சார், பாக்கி அட்வான்ஸ் 22,000 சொன்னபடி வெள்ளிக்கிழமை உங்க கைக்கு வந்துடும். கையெழுத்தும் அன்னிக்கே. வேலையில சேர்ற தேதிதான் 17-க்குப் போயிடுச்சு. வாடகையை அன்னியிலிருந்து கணக்கு வெச்சுக்கலாமான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்."

"அப்ப சரி, யோசிப்போம்" என்றார். எச்.ஆர். அனுப்பிய மெயிலையும் வாட்ஸ்அப்பில் அவருக்கு அனுப்பினேன்.

அரை மணி நேரத்தில் அவரே கூப்பிட்டார். வாடகையைப் பற்றி அவர் பேசவே இல்லை. "பதினேழாம் தேதி ஆடி ஒண்ணு தம்பி. அம்மா ஒத்துக்க மாட்டாங்க." அம்மா என்றது அவர் மனைவியை. ஆடியில் புதிதாகக் குடி வைக்க மாட்டார்கள், வந்தால் ஆவணியில்தான். ஆவணி என்றால் ஆகஸ்ட் 18. நான் கேட்ட ஒரு வாரம் அவர்களுக்கு ஒரு மாதமாகத் தெரிந்திருக்கிறது. வங்கி ஊழியரைக் கூப்பிடலாமா என்று பேச்சு போனதையும் மறைக்காமல் சொன்னார்.

நான் அந்த நேரம் வரை எல்லாவற்றையும் ஒரே தேதியாக வைத்திருந்தேன். குடிபோகிற நாள், சாவி வாங்குகிற நாள், அட்வான்ஸ் நாள், கையெழுத்து நாள், வாடகை தொடங்கும் நாள் எல்லாம் ஒரு மூட்டை. தள்ளினால் மொத்தமும் தள்ளும் என்றுதான் நினைத்தேன். என் மனைவிதான் பக்கத்தில் இருந்து, "பாலை ஆனியிலேயே காய்ச்சிடலாங்க. வெள்ளிக்கிழமை காய்ச்சறதா இருந்ததுதானே? அது ஏன் மாறணும்?" என்றாள். உண்மைதான். பால் காய்ச்சிவிட்டால் அந்த அம்மாவின் கணக்கில் நாங்கள் ஆனியிலேயே குடிவந்தவர்கள். சாமானை 8-ஆம் தேதி இறக்கி ஒரு அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, அந்த வாரம் பண்ருட்டியில் மாமனார் வீட்டில் இருந்துகொள்ளலாம். மாற வேண்டியது வாடகை தொடங்கும் நாள் மட்டும்தான்.

இதைச் சொன்னதும் அவர் ஒரு கேள்வி கேட்டார், நியாயமான கேள்வி. "சாமான் என் வீட்டுல இருக்கும், சாவி உங்ககிட்ட இருக்கும். அப்புறம் அது காலி வீடு எப்படி?" சாமான் இறங்கிவிட்டால் அவர் வேறு யாருக்கும் வீட்டைக் காட்ட முடியாது என்பதும் சரிதான். கடைசியில் அந்த ஒரு வாரத்துக்கு 1,000 ரூபாய், முழு வாடகை 17-லிருந்து என்று முடிந்தது. மெயிலை அவர் ஒரு வரி விடாமல் படித்திருந்தார். "மருத்துவத் தகுதிக்கு உட்பட்டதுன்னு போட்டிருக்கே. அது மறுபடி தள்ளிப்போனா?" என்றார். தள்ளிப்போனாலும் போகாவிட்டாலும் 17-லிருந்து வாடகை என் பொறுப்பு என்றேன். அதைச் சொல்லக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது, ரிப்போர்ட் இன்னும் வரவில்லை. ஆனால் வேலையில் சேரும் நாளிலிருந்து வாடகை என்று எழுதச் சொல்லியிருந்தால் யாரும் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். என் கம்பெனியின் தாமதத்தை முடிவில்லாமல் அவர் தலையில் வைப்பது அது. காலண்டரில் உள்ள ஒரு தேதியைத்தான் கேட்க முடியும்.

வியாழக்கிழமை மஞ்சக்குப்பத்தில் டைப் அடிக்கிறவரிடம் போனேன். முத்திரைத்தாளான முதல் பக்கத்தில் ஒப்பந்தம் எழுதும் தேதியும் பெயர், முகவரிகளும்தான் இருந்தன. கையெழுத்து நாள் மாறாததால் அதைத் தொட வேண்டியதில்லை. வாடகை தொடங்கும் தேதி இரண்டாம் பக்கத்தில் இருந்தது, அந்தத் தாளை மட்டும் மாற்றினால் போதும். கையெழுத்து ஆகியிருந்தால் அடித்துத் திருத்தி, இரண்டு பேரும் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். அடித்தல் உள்ள தாள் பின்னால் எத்தனையோ கேள்விகளைக் கொண்டுவரும். தமிழ்நாட்டில் 2019-லிருந்து நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்ய வேண்டும். அதற்குக் கொடுக்கிற தாள் சுத்தமாக இருப்பது நல்லது.

அவர் நீட்டிய புதுத் தாளை நின்றபடியே படித்தேன். "17.07.2023 முதல் 09.06.2024 வரை, 11 மாதங்களுக்கு" என்று இருந்தது. தொடங்கும் நாளை மாற்றியவர் முடியும் நாளை மாற்றவில்லை. 10-ஆம் தேதி தொடங்கினால் 11 மாதம் ஜூன் 9-இல் முடியும், 17-இல் தொடங்கினால் ஜூன் 16. இரண்டு மாத நோட்டீஸை அந்த முடிவுத் தேதியிலிருந்துதான் பின்னோக்கி எண்ண வேண்டும் என்று அதே பக்கத்தில் இருந்தது. அப்படியே கையெழுத்துப் போட்டிருந்தால், தேதி சொல்வது சரியா, 11 மாதம் என்ற சொல் சரியா என்று போகும்போது பேசிக்கொண்டிருப்போம். திருத்தச் சொன்னேன். "முதல் வாடகை ஜூலை 17 முதல் 31 வரை 15 நாளுக்கு ரூ.4,500, ஆகஸ்ட் 5-க்குள்" என்று ஒரு வரியும், "07.07.2023 அன்று சாவி ஒப்படைக்கப்பட்டது, 16.07.2023 வரை பொருட்கள் வைத்துக்கொள்ள மட்டும் ரூ.1,000" என்று இன்னொரு வரியும் சேர்க்கச் சொன்னேன். டைப் அடிப்பவர் இதெல்லாம் எதற்கு என்பதுபோலப் பார்த்தார். சாவி கையில் இருந்தும் வாடகை ஓடாத அந்தப் பத்து நாளுக்குத் தாளில் ஒரு பெயர் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அது இல்லாவிட்டால் சாவி வாங்கிய நாளையே தொடக்கமாக யாராவது எண்ணலாம்.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கும் பத்தரைக்கும் நடுவில் நல்ல நேரம். பத்தரைக்கு ராகு காலம் வந்துவிடும் என்று அந்த அம்மா வாசலிலேயே நின்று அவசரப்படுத்தினார்கள். ஒற்றை அடுப்பைப் பண்ருட்டியிலிருந்து எடுத்து வந்திருந்தோம். பால் பொங்கி வழிந்ததும் முதல் டம்ளர் அவர்களுக்குத்தான் கொடுத்தோம். சார் 22,000-ஐ எண்ணி வாங்கி, இரண்டாம் பக்கத்தை விரலால் வரி வரியாகத் தொட்டுப் படித்து, முடிவுத் தேதியில் விரலை நிறுத்தி, உதட்டுக்குள் மாதங்களை எண்ணிப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். நானும் அவரும் மாடிப்படிக்குக் கீழே போய் கரண்ட் மீட்டரைப் பார்த்தோம். அவர் எண்ணைச் சத்தமாகச் சொல்லச் சொல்ல, நான் ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் எழுதினேன். இரண்டு பேரும் அதற்குக் கீழேயும் கையெழுத்துப் போட்டோம்.

அன்று மாலை ஆறே காலுக்கு ரிப்போர்ட் வந்தது. சளி குறைந்திருந்தது, அளவு சரியாக இருந்தது. எச்.ஆருக்கு அனுப்பிவிட்டு அடுத்த செய்தியைச் சாருக்கு அனுப்பினேன். "ரொம்ப சந்தோஷம் தம்பி. நாளைக்கு வண்டி எத்தனை மணிக்கு வரும்? கேட்டைத் திறந்து வைக்கிறேன்" என்று பதில் வந்தது.