ஒரு வீடியோவுக்கு ஒரே ஆங்கில வாக்கியம்: ‘குட் யூ ஸே தட் அகெய்ன்’ எழுதிய கதை

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து, ஆங்கிலம் புதிதாகப் பழகுபவர்களுக்காகச் சிறிய வீடியோக்கள் எழுதிப் பதிவு செய்து வருகிறேன். ஒரு வீடியோவில் ஒரே ஒரு வாக்கியம்தான் வரும். இலக்கணம் கிடையாது, சொற்பட்டியல் கிடையாது. பார்ப்பவர்களில் பெரும்பாலோர் எங்கள் பக்கத்து ஆட்கள்: எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளில் நிற்பவர்கள், உணவு டெலிவரிக்குப் போகும் தம்பிகள், துறைமுகத்துக்கு வரும் கன்டெய்னர் லாரிகளுக்குக் கணக்கு எழுதுபவர்கள். இந்த முறை எடுத்துக்கொண்ட வாக்கியம் ‘குட் யூ ஸே தட் அகெய்ன்?’ அதாவது, ‘இன்னொரு முறை சொல்ல முடியுமா?’ இதற்கு ஸ்கிரிப்ட் எழுதியபோது கற்றுக்கொண்டது நிறைய இருப்பதால் விவரமாகவே எழுதி வைக்கிறேன்.

இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் பக்கத்து வீட்டுத் தம்பி. பெரம்பூர் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு உணவு கொண்டு போகிறவர். “அண்ணா, எனக்குப் பேசுவதில் பயமில்லை. அவர்கள் வழியை மளமளவென்று சொல்லும்போது புரியவில்லை என்பதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. பேசாமல் ‘ஓகே ஓகே’ என்று சொல்லி வைத்துவிடுகிறேன்” என்றார். புரியாத இடத்தில் ‘ஓகே’ என்று சொல்லிவிட்டுத் தெருத் தெருவாகச் சுற்றுகிற ஒருவருக்கு முதலில் தேவை இந்த வாக்கியம்தான் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

முதல் வடிவம் எல்லோரும் எழுதுவது போலத்தான் இருந்தது. தமிழில் பொருள் சொல்வது, ஆங்கிலத்தில் மூன்று முறை சொல்லிக் காட்டுவது, திரையில் எழுத்தைப் போடுவது, ‘நீங்களும் சொல்லுங்கள்’ என்று கேட்பது. தம்பியிடமும், துணிக்கடையில் வேலை செய்யும் எங்கள் அண்ணியிடமும் காட்டினேன். வீடியோ ஓடும்போது இருவருமே தெளிவாகச் சொன்னார்கள். ஆனால் வீடியோ ஓடும்போது சொல்வதை நான் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. அது எதிரொலி, நினைவு அல்ல. மறுநாள் முன்னறிவிப்பு இல்லாமல் தொலைபேசியில் அழைத்து, ஒரு முகவரியை ஆங்கிலத்தில் வேகமாகச் சொல்லிப் பார்ப்பதுதான் என் சோதனை. தம்பி சிறிது நேரம் பேசாமல் இருந்தார், பிறகு ‘அகெய்ன், சார்?’ என்றார். அண்ணி ‘வாட்?’ என்றார். உடனே தமிழில், “‘இன்னொரு முறை சொல்ல முடியுமா’ என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன?” என்று கேட்டதும் இருவரும் முழு வாக்கியத்தையும் தட்டாமல் சொன்னார்கள்.

விஷயம் இதில்தான் இருக்கிறது. வாக்கியம் மனத்தில் இருக்கிறது, ஆனால் அதை வெளியே அழைக்கும் மணி தமிழ்க் கேள்வியாக இருக்கிறது. நிஜத்தில் யாரும் தமிழ்க் கேள்வி கேட்கப் போவதில்லை. நிஜத்தில் வரும் மணி, காதில் விழுந்தும் பிடிபடாத ஓர் ஆங்கிலக் குரல். அப்படியானால் வீடியோவிலும் அந்தக் குரலே வர வேண்டும். அடுத்த வடிவத்திலிருந்து, பதில் சொல்லச் சொல்லித் தமிழில் கேட்பதை முழுதாக எடுத்துவிட்டேன்.

எதிர் வீட்டில் கால் சென்டரில் வேலை செய்யும் ஒருவர் இருக்கிறார். அவரிடம், ‘மெட்ரோ ஸ்டேஷன் தாண்டி இரண்டாவது இடப்பக்கம் திரும்பி, நீல கேட், மூன்றாவது மாடி’ என்ற வழியை ஆங்கிலத்தில் அவருடைய இயல்பான வேகத்தில் சொல்லச் சொல்லிப் பதிவு செய்தேன். நானே வேகமாகப் பேசிப் பார்த்தது பயன்படவில்லை. கற்பிக்க நினைப்பவன் எவ்வளவு வேகமாகப் பேசினாலும் ஒவ்வொரு சொல்லையும் தெளிவாக வெட்டிவிடுகிறான், கேட்பவருக்குப் புரிந்துவிடுகிறது. புரிந்துவிட்டால் ‘இன்னொரு முறை’ என்று கேட்கத் தோன்றாது. வண்டிச் சத்தத்துக்கு நடுவே, பாதிச் சொற்களை விழுங்கிப் பேசும் குரல்தான் வேண்டும். எண்ணூர் சாலையில் லாரி போகாத நேரம் பார்த்து நடுராத்திரியில் பதிவு செய்யும் நான், இந்த ஒரு குரலை மட்டும் பகலில் ஜன்னலைத் திறந்து வைத்துப் பதிவு செய்தேன்.

அடுத்தது உச்சரிப்பு. நம்மவர்கள் தடுமாறுவது தனித்தனி எழுத்தில் அல்ல, ஓட்டத்தில். ‘குட்டு யூ ஸே தட்டு அகெய்ன்’ என்று, வல்லின மெய்யில் முடியும் சொற்களின் கடைசியில் ஓர் உகரம் ஒட்டிக்கொள்கிறது. வல்லின மெய்யில் சொல்லை முடிப்பது நம் நாக்குக்குப் பழக்கமில்லை என்பதால் வருவது இது. எல்லா அசைக்கும் ஒரே அழுத்தம் கொடுப்பதும் சேர்ந்துகொள்கிறது. அதனால் வாக்கியத்தைப் பின்னாலிருந்து கட்டினேன். முதலில் ‘அகெய்ன்’ மட்டும். பிறகு ‘தட் அகெய்ன்’. பிறகு ‘ஸே தட் அகெய்ன்’. கடைசியில் முழுவதும். மொழி வகுப்புகளில் வெகு காலமாக இருக்கும் முறைதான் இது. முன்னாலிருந்து கட்டினால் ஒவ்வொரு முறையும் பழகாத புதுச் சொல்லில் போய் முடிகிறது, அங்கே குரல் தளர்ந்துவிடுகிறது. பின்னாலிருந்து கட்டினால் முடிவு எப்போதும் பழகிய இடம். கேள்வியின் ஏற்ற இறக்கம் கலையாமல் நிற்கிறது.

‘தட்’ என்பதையும் ‘அகெய்ன்’ என்பதையும் சேர்த்துச் சொல்ல வைக்க, பள்ளியில் படித்த புணர்ச்சியையே நினைவூட்டினேன். ‘கல்’லும் ‘எறிந்தான்’னும் சேர்ந்து ‘கல்லெறிந்தான்’ ஆவது போல, மெய்யின் மேல் உயிர் ஏறி உட்காரட்டும் என்று ஒரு வரி. அண்ணி அதைக் கேட்டதுமே இரண்டு சொல்லையும் ஒரே மூச்சில் சொன்னார், நடுவில் இருந்த உகரம் தானாகப் போய்விட்டது. ஆங்கிலத்தில் அந்த மெய் இரட்டிப்பதில்லை என்பது வேறுபாடுதான். தொடக்க நிலையில் அதைத் திருத்தப் போகவில்லை. அழுத்தத்துக்கு ‘ஸே’ மேலும் ‘கெய்ன்’ மேலும் ஒவ்வொரு தட்டு. மற்ற அசைகள் அந்த இரண்டு தட்டுகளுக்கு நடுவே ஓடிப் போக வேண்டும். வேகமாகப் பேசுபவர்கள் வாயில் ‘குட் யூ’ என்பது ‘குஜூ’ என்று கேட்கும் என்பதை ஒரு முறை கேட்க மட்டும் வைத்தேன். சொல்லிப் பழகச் சொல்லவில்லை.

திரையில் தமிழ் எழுத்தில் உச்சரிப்பைப் போடுவதா வேண்டாமா என்று மிகவும் யோசித்தேன். தமிழில் எழுதும்போது இந்தக் ‘குட்’டும், ‘குட் மார்னிங்’கில் வரும் ‘குட்’டும் ஒன்றாகிவிடுகின்றன. முதல் ஒலி தொண்டை அதிராமல் வர வேண்டும் என்பதை நம் எழுத்து காட்டாது. திரையைப் படித்துப் பழகியவர் ‘நல்ல நீங்கள்’ என்று பொருள்படும்படி ஆரம்பிப்பார். ஆகவே முதலில் காதால் மட்டும் கேட்க வைக்கிறேன். பின்னாலிருந்து கட்டி முடித்த பிறகே ஆங்கில எழுத்தில் வாக்கியம் வருகிறது. தமிழ் எழுத்து உச்சரிப்பு வருவதே இல்லை.

இனி நேரக் கணக்கு. 1967இல் பால் பிம்ஸ்லர் என்ற அமெரிக்க மொழி கற்பித்தல் ஆய்வாளர், புதிய சொல்லை எந்த இடைவெளிகளில் திரும்ப நினைவூட்ட வேண்டும் என்று ஓர் அட்டவணை தந்தார். முதலில் 5 விநாடி, பிறகு 25 விநாடி, பிறகு 2 நிமிடம், 10 நிமிடம் என்று ஏறக்குறைய ஐந்து மடங்காக விரிந்து, ஒரு நாள், 5 நாள், 25 நாள் என்று போகும். முதல் இரண்டு இடைவெளிகள் ஒரு சிறிய வீடியோவுக்குள் அடங்கிவிடும் என்பதைப் பார்த்ததும் ஸ்கிரிப்ட் தானாக அமைந்தது.

முதல் 8 விநாடி, காட்சி: வேகக் குரல், கேட்பவர் நம் வாக்கியத்தைச் சொல்கிறார், குரல் நிதானமாகத் திரும்பச் சொல்கிறது. அடுத்த 6 விநாடியில் எப்போது பயன்படும் என்று தமிழில் ஒரே வரி. 14 முதல் 30 வரை பின்னாலிருந்து கட்டுதல். பிறகு 5 விநாடி கழித்து, அதே வேகக் குரல் வருகிறது, பார்ப்பவர் பதில் சொல்ல இடம் விடுகிறேன், பிறகு விடை. அது முடிந்ததும் 25 விநாடிக்கு அந்த வாக்கியத்தை நான் உச்சரிப்பதே இல்லை. அந்த இடத்தில்தான் மரியாதையைப் பற்றிச் சொல்கிறேன். தமிழில் ‘சொல்லுங்கள்’ என்பதில் உள்ள விகுதியே மரியாதையைச் சுமந்துவிடுகிறது. ஆங்கில வினையில் அந்த விகுதி இல்லை. ‘டெல் ஒன்ஸ் அகெய்ன்’ என்றால் வாடிக்கையாளர் காதில் அதட்டலாக விழக்கூடும், தொடக்கத்தில் வரும் ‘குட் யூ’தான் அதைத் தணிக்கிறது. இது முடிந்ததும் இடம் மாறுகிறது: துணிக்கடைக் கவுன்ட்டர், ஒரு பெண் குரல் அளவும் நிறமும் வேகமாகக் கேட்கிறது. மீண்டும் இடைவெளி, மீண்டும் விடை. மொத்தம் 75 விநாடி. யூடியூப் ஷார்ட்ஸ் 2024 அக்டோபரிலிருந்து மூன்று நிமிடம் வரை ஏற்றுக்கொள்வதால் நீளம் ஒரு தடையில்லை.

பதிலுக்கு விடும் இடைவெளியில் ஒன்று கவனித்தேன். வாக்கியத்தைச் சொல்ல எனக்கு ஏறக்குறைய ஒன்றரை விநாடி ஆகிறது. யோசித்துச் சொல்பவருக்கு அதைப் போல இரு மடங்கு வேண்டும், புதிய காட்சியில் இன்னும் ஒரு விநாடி கூடுதலாக. ஆனால் அந்த நேரம் ஒலியே இல்லாமல் இருந்தால் நெட்வொர்க் நின்றுவிட்டது என்று நினைத்து அடுத்த வீடியோவுக்குப் போய்விடுகிறார்கள். அண்ணியே அப்படித்தான் திரையைத் தள்ளினார். அதனால் இடைவெளியிலும் தெருச் சத்தத்தை ஓடவிடுகிறேன், கேட்பவரின் முகம் நம்மைப் பார்த்தபடி காத்திருக்கிறது, கீழே ஒரு கோடு குறைந்துகொண்டே வருகிறது.

இந்த வடிவத்தைக் காட்டிய மறுநாள் வேறொரு முகவரியோடு அழைத்தேன். தம்பி ஒரு நொடி கூடத் தயங்கவில்லை. முழு வாக்கியமும், கடைசியில் ஒரு ‘ப்ளீஸ்’ஸும் சேர்ந்து வந்தது. எனக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. அண்ணி ‘ஸே தட் அகெய்ன்’ என்று பின்பாதியை மட்டும் சொன்னார். பின்னாலிருந்து கட்டினால் முன்பகுதியைத்தான் குறைவாகச் சொல்லியிருப்போம், அது உதிர்வது இயல்பே. இதற்காக முழு வாக்கியத்தை இரண்டு முறை சொல்ல வைக்கும்படி 30 விநாடிக்கு முன் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

தீராதது ஒன்று இருக்கிறது. திரும்பச் சொல்லச் சொன்னால் எதிராளி அதே வேகத்தில் திரும்பச் சொல்வார். அப்போது கேட்டதில் புரிந்த பாதியைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்ள வேண்டும்: ‘டிட் யூ ஸே செகண்ட் லெஃப்ட்?’ இதையும் இதே வீடியோவில் நுழைக்க ஆசைதான், ஆனால் இரண்டு வாக்கியம் வந்தால் இரண்டும் நிற்காது. அடுத்த வீடியோ இதற்கே. அதன் முதல் காட்சியில் கேட்பவர் ‘குட் யூ ஸே தட் அகெய்ன்’ என்று கேட்டுவிட்டுத்தான் புது வாக்கியத்துக்கு வருவார். அதை 5 நாள் கழித்து வெளியிடுகிறேன். அதற்கு முன் கால் சென்டர் நண்பரின் விடுமுறை நாள் எது என்று கேட்டு வைக்க வேண்டும்.